வாட்ஸ்அப் பழைய அரட்டையில் படம் திறக்கவில்லையா? தேட வேண்டிய வரிசையும் மறுபடி கேட்டு வாங்கும் முறையும்

எட்டு மாதத்துக்கு முன் வந்த ஒரு படத்தை இன்று தேடிப் போகிறீர்கள். அரட்டை அப்படியே இருக்கிறது. படம் இருந்த இடமும் தெரிகிறது. ஆனால் படம் மங்கலாக, மேலே ஒரு கீழ்நோக்கிய அம்புக்குறியுடன் நிற்கிறது. தொட்டால் சக்கரம் சுழன்று, இறக்க முடியவில்லை, அனுப்பியவரை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்ற பொருளில் ஒரு செய்தி வருகிறது. பி.டி.எஃப் கோப்புக்கும் இதே கதைதான்.

உடனே அனுப்பியவருக்குப் போன் போடுவதற்கு முன் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. அங்கே கிடைக்காவிட்டால், மறுபடி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஏனோதானோவென்று கேட்டால் அவர் தேடி அனுப்புவதும் அரைகுறையாகத்தான் வந்து சேரும். இங்கே ஆண்ட்ராய்ட் போனை வைத்தே சொல்கிறேன். ஐபோனில் வேறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

முதலில், படம் எங்கே இருந்தது என்று புரிந்துகொள்வோம்

நாம் அனுப்பும் படம் வாட்ஸ்அப் சர்வரில் நிரந்தரமாகச் சேமிக்கப்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். மின்னஞ்சலில் பத்து வருடத்துக்கு முந்தைய இணைப்பு கூடத் திறக்கிறது என்பதால் வரும் நம்பிக்கை அது. வாட்ஸ்அப் அப்படி வேலை செய்வதில்லை.

அனுப்புகிறவரின் போன் முதலில் படத்தைச் சுருக்குகிறது. பிறகு அந்த ஒரு படத்துக்கென்றே ஒரு சாவியை உருவாக்கி, படத்தைப் பூட்டி, பூட்டிய பெட்டியை மட்டும் சர்வரில் ஏற்றுகிறது. சாவியும், பெட்டி இருக்கும் முகவரியும் செய்தியோடு உங்கள் போனுக்கு வருகின்றன. உங்கள் போன் அந்த முகவரிக்குப் போய்ப் பெட்டியை எடுத்துவந்து, திறந்து, படத்தைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அதன் பிறகு படம் உங்கள் போனில் இருக்கும் ஒரு சாதாரணக் கோப்பு. சர்வரில் உள்ள பெட்டி தற்காலிகமானது, கொஞ்ச காலத்தில் அழிக்கப்பட்டுவிடும். போன் அணைந்தே கிடந்ததால் வந்து சேராத செய்திகளைக்கூட வாட்ஸ்அப் 30 நாள்தான் வைத்திருக்கும். ஆகவே சில மாதம் கடந்த படத்துக்குச் சர்வரை நம்ப முடியாது.

சரி, அப்படியானால் அந்த மங்கலான படம் மட்டும் எப்படி இன்னும் தெரிகிறது? அது உண்மையான படமே இல்லை. செய்தியோடு சேர்ந்து வரும் மிகச் சிறிய முன்னோட்டம் அது. செய்தி இருக்கும் வரை அதுவும் இருக்கும். அதைப் பெரிதாக்கிப் படிக்க எந்தச் செயலியாலும் முடியாது, ஏனென்றால் எழுத்துகள் அதற்குள் இல்லவே இல்லை. "மங்கலான வாட்ஸ்அப் படத்தைத் தெளிவாக்கும் ஆப்" என்று கண்ணில் படுவதை எல்லாம் நிறுவிப் பார்க்க வேண்டாம்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. படம் காணாமல் போக இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, அது உங்கள் போனுக்கு முழுதாக இறங்கவே இல்லை, அதற்குள் சர்வரில் உள்ள பிரதியும் போய்விட்டது. இன்னொன்று, இறங்கியது, பிறகு போனிலிருந்து அழிந்தது. முதலாவது என்றால் உங்கள் பக்கத்தில் தேடிப் பயனில்லை. இரண்டாவது என்றால் தேடுவதற்கு நிறைய இடம் இருக்கிறது. எது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள்?

அந்தப் படத்தை எப்போதாவது பெரிதாகத் திறந்து பார்த்த நினைவு இருந்தால் அது இறங்கியிருக்கிறது. நினைவில்லை என்றால் Settings > Storage and data பகுதியில் Media auto-download என்பதைப் பாருங்கள். மொபைல் டேட்டா செலவாகிறதே என்று அங்கே எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருந்தால், தொட்டுத் திறக்காத எந்தப் படமும் உங்கள் போனுக்கு வந்திருக்காது. பெரிய குழுக்களில் இருப்பவர்கள் பலர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் முக்கியமான படம் வந்த அன்றே ஒரு முறை தொட்டுவிட வேண்டும்.

பி.டி.எஃப் கோப்புகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். படங்கள் மொபைல் டேட்டாவிலேயே தானாக இறங்கும்படிதான் ஆரம்ப அமைப்பு இருக்கும். கோப்பும் வீடியோவும் வைஃபையில் மட்டும்தான் இறங்கும். வீட்டில் வைஃபை இல்லாதவர்களுக்கு, திறக்காத பி.டி.எஃப் ஒன்றுகூட போனில் இருக்காது.

எந்த நிலையாக இருந்தாலும் அம்புக்குறியை இன்னும் ஒரு முறை முறையாகத் தொட்டுப் பாருங்கள். முறையாக என்றால், நல்ல வைஃபையில், போனில் குறைந்தது ஒரு ஜிபி காலி இடம் வைத்துக்கொண்டு, தேதியும் நேரமும் தானாக அமையும்படி வைத்து. தேதி தவறாக இருந்தால் வாட்ஸ்அப்பால் எதையும் இறக்க முடியாது. பேட்டரி தீர்ந்து நெடுநாள் அணைந்து கிடந்த பழைய போன்களில் இது அடிக்கடி நடக்கும். அண்மையில் வந்த எல்லாப் படங்களும் சேர்ந்தாற்போல் இறங்க மறுத்தால் குற்றம் இடத்திலோ தேதியிலோ அனுமதியிலோ இருக்கிறது. நேற்று வந்த படம் இறங்குகிறது, மார்ச்சில் வந்தது மட்டும் இறங்கவில்லை என்றால் சர்வர் பிரதி போய்விட்டது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. வாட்ஸ்அப்பை அழித்துவிட்டு மறுபடி நிறுவிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். செயலியை நீக்கும்போது அதன் ஊடகக் கோப்புறையும் சேர்ந்து போகக்கூடும். ஒரு படத்தைத் தேடப் போய் இருக்கும் படங்களையும் இழந்தவர்களாகிவிடுவோம்.

போனுக்குள் தேடும் இடங்கள்

அரட்டையில் காட்டவில்லை என்பதாலேயே கோப்பு போனில் இல்லை என்று ஆகாது. கேலரியில் இல்லை என்பதும் அப்படித்தான். கோப்புகளைக் காட்டும் செயலியை (Files அல்லது My Files) திறந்து இந்த வழியில் போங்கள்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/
    WhatsApp Images/
    WhatsApp Images/Sent/
    WhatsApp Images/Private/
    WhatsApp Documents/
```

ஆண்ட்ராய்ட் 11-க்கு முந்தைய போன்களில் நினைவகத்தின் மேல்மட்டத்திலேயே WhatsApp என்றொரு கோப்புறை இருக்கும், அதற்குள் Media. பிசினஸ் வாட்ஸ்அப் என்றால் com.whatsapp.w4b என்று இருக்கும்.

இதில் Sent, Private இரண்டும் கேலரியில் தெரியாத கோப்புறைகள். நாம் அனுப்பியவற்றின் பிரதி Sent-இல் போகிறது. கேலரியில் காட்ட வேண்டாம் என்று நீங்கள் அமைத்த அரட்டைகளின் படங்கள் Private-இல் போகின்றன. கேலரியை மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று முடிவுகட்டுபவர்கள் தவறவிடுவது இந்த இரண்டைத்தான்.

படங்களுக்கு வாட்ஸ்அப் வைக்கும் பெயர் தேடுவதற்கு மிகவும் உதவும்:

```
IMG-20240312-WA0004.jpg
```

நடுவில் இருப்பது வருடம், மாதம், நாள். அதாவது 2024 மார்ச் 12. கடைசி நான்கு இலக்கம் அந்த நாளின் வரிசை எண். அரட்டையில் அந்தச் செய்தியின் தேதியைப் பாருங்கள், Files செயலியின் தேடலில் `IMG-20240312` என்று தட்டுங்கள். போன் மாற்றியபோது கோப்பின் தேதி மாறியிருந்தாலும் பெயர் மாறாது, அதனால் தேதிவாரியாகத் தேடுவதைவிடப் பெயரில் தேடுவது நம்பகமானது. படம் பிடித்த நாளும் இந்த நாளும் வேறாக இருக்கலாம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். மாமா 2019-இல் எடுத்த படத்தை 2024-இல் அனுப்பியிருந்தால் பெயரில் 2024-தான் இருக்கும்.

அடுத்து குப்பைத்தொட்டி. கேலரியிலிருந்து நீக்கியது என்றால் கூகுள் ஃபோட்டோஸின் குப்பையில் இருக்கலாம். பேக்கப் ஆன படம் 60 நாளும், பேக்கப் ஆகாதது 30 நாளும் அங்கே இருக்கும். ஆனால் WhatsApp Images கோப்புறையைச் சேர்க்கச் சொல்லி நீங்களே தேர்ந்தெடுத்திருந்தால்தான் கூகுள் ஃபோட்டோஸ் அதை பேக்கப் செய்யும். கேமராவில் எடுத்தவை தானாகப் போவதால் இவையும் போகின்றன என்று எண்ணிவிடுகிறோம்.

ஐபோனில் இப்படிக் கோப்புறைகளைத் திறந்து பார்க்க வழி இல்லை. அரட்டையின் பெயரைத் தொட்டு உள்ளே போனால் படம், இணைப்பு, கோப்பு ஆகியவற்றுக்கான தனிப் பகுதி இருக்கும். அதையும், ஃபோட்டோஸ் செயலியையும் பார்த்தால் போதும்.

வேறு கருவிகளில்

மேசையில் தூங்கும் பழைய போனை எடுத்து சார்ஜ் போடுங்கள். வாட்ஸ்அப் கணக்கு புதிய போனுக்கு மாறிவிட்டாலும், பழைய போனை முழுதாக அழிக்காத வரை மேலே சொன்ன கோப்புறை அதில் அப்படியே இருக்கும். வாட்ஸ்அப்பைத் திறக்கவே வேண்டாம், Files செயலி போதும். தேடுவதில் அதிகம் பலன் தரும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கணினியில் வாட்ஸ்அப் வெப் பயன்படுத்துகிறவரா? அங்கிருந்து படத்தை இறக்கியிருந்தால் Downloads கோப்புறையில் `WhatsApp Image 2024-03-12` என்று தொடங்கும் பெயரில் இருக்கும். அலுவலகக் கணினியில் பிரிண்ட் எடுப்பதற்காக இறக்கியதை நாம் மறந்தே போயிருப்போம். வாட்ஸ்அப் வெப்பில் மட்டும் படம் திறக்கவில்லை, போனில் திறக்கிறது என்றால் அது வேறு சிக்கல். பழைய படத்துக்குக் கணினி உங்கள் போனைத்தான் கேட்கும். போன் இணையத்தில் இருந்தால், படமும் போனில் இருந்தால், கொஞ்ச நேரத்தில் வந்துவிடும்.

பிறகு மனிதர்கள். குழுவில் வந்த படம் என்றால் அனுப்பியவர் ஒருவரிடம் மட்டும் இல்லை, தொட்டுத் திறந்த ஒவ்வொருவர் போனிலும் இருக்கிறது. நீங்களே அதை யாருக்காவது ஃபார்வர்டு செய்திருந்தால் அவரிடமும் இருக்கும். வங்கிக்காரருக்கோ வக்கீலுக்கோ அனுப்பிய பத்திரப் படம் அவர்கள் கணினியில் பத்திரமாக இருப்பது வழக்கம்.

பேக்கப்பை மீட்கலாமா?

மீட்கலாம், ஆனால் இது கடைசியில் செய்ய வேண்டியது, பெரும்பாலும் செய்யத் தேவையில்லாதது. பேக்கப்பில் ஒரு படம் இருக்க வேண்டுமானால், பேக்கப் எடுத்த அன்று அது போனில் முழுதாக இருந்திருக்க வேண்டும். இறங்காத படம் பேக்கப்பிலும் இறங்காத படம்தான். வீடியோ என்றால், பேக்கப் அமைப்பில் வீடியோவைச் சேர் என்பதை இயக்கியிருந்தால் மட்டுமே இருக்கும்.

பேக்கப் உதவும் ஒரே சூழ்நிலை, இன்றோ நேற்றோ தவறுதலாக அழித்த படம், அதற்கு முன் எடுத்த பேக்கப். அப்படி என்றால் முதல் வேலையாக Settings > Chats > Chat backup போய்த் தானியங்கி பேக்கப்பை நிறுத்துங்கள். புதிய பேக்கப் ஓடிவிட்டால் அதில் அந்தப் படம் இருக்காது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அதே பக்கத்தில் கடைசி பேக்கப்பின் தேதி இருக்கும். மீட்பது என்றால் வாட்ஸ்அப்பை நீக்கி, நிறுவி, அந்தத் தேதியின் நிலைக்குத் திரும்புவது என்று பொருள். அதற்குப் பிறகு வந்த செய்திகள் போகக்கூடும். எனவே அதற்கு முன் மேலே சொன்ன Media கோப்புறை முழுவதையும் கணினிக்கோ மெமரி கார்டுக்கோ நகலெடுத்து வைப்பது கட்டாயம்.

ஒரே ஒரு படத்துக்காக இதையெல்லாம் செய்வதைவிட மறுபடி கேட்பது எளிது.

மறுபடி கேட்பது

"அந்தப் படத்தை இன்னொரு தடவை அனுப்புங்க" என்று கேட்டால் எதிர்முனையில் இருப்பவருக்கு எந்தப் படம் என்றே தெரியாது. எட்டு மாதச் செய்திகளை மேலே தள்ளித் தேட வேண்டும். அதனால் பழைய செய்தியையே பிடித்து வலப்பக்கம் இழுத்து, அதற்குப் பதிலாக எழுதுங்கள். அவர் அந்த மேற்கோளைத் தொட்டால் அவருடைய அரட்டையில் நேராக அந்தப் படத்துக்கே போய் நிற்கும். உங்களுக்கு மங்கலாக இருப்பது அவருக்குத் தெளிவாக இருக்கும் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அவர் போனில்தான் அது முதலில் இருந்தது.

எது வேண்டும், எத்தனை, எப்படி அனுப்ப வேண்டும் என்ற மூன்றையும் ஒரே செய்தியில் சொல்லிவிடுங்கள். உதாரணமாக:

"சித்தப்பா, மார்ச் 12-ஆம் தேதி நீங்க அனுப்பின பத்திரப் படங்கள்ல 2, 5, 6, 9-ஆம் பக்கம் எனக்குத் திறக்கலை. இந்தச் செய்தியைத் தொட்டா அந்த இடத்துக்கே போகும். உங்களுக்குத் தெளிவா தெரியுதான்னு மட்டும் முதல்ல பாத்துச் சொல்லுங்க."

தெளிவாகத் தெரிகிறதா என்று முதலில் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தெரிந்தால் அவர் அதைத் தேர்ந்தெடுத்து உங்களுக்கே ஃபார்வர்டு செய்தால் போதும், ஒரு நிமிட வேலை. தெரியவில்லை என்றால், "கேலரியில் இல்லையே" என்று அவர் சொல்லுவார். அப்போது அவருடைய WhatsApp Images/Sent கோப்புறையைப் பார்க்கச் சொல்லுங்கள். அது கேலரியில் தெரியாது என்று முன்பே பார்த்தோம். அனுப்பியது பி.டி.எஃப் என்றால் WhatsApp Documents/Sent. இந்தக் கோப்புறையைப் பற்றித் தெரியாததால், தன்னிடம் இல்லை என்று நேர்மையாகவே சொல்லிவிடுகிறவர்கள் மிகப் பலர்.

அவரிடம் அசல் படம் கேமராக் கோப்புறையில் இருந்தால் ஃபார்வர்டை விட அதுவே மேல். வாட்ஸ்அப் படமாக அனுப்பும்போது சுருக்குகிறது. நான்கைந்து எம்பி இருந்த படம் சில நூறு கேபி ஆகிவிடும். முகம் பார்க்க அது போதும், முத்திரையும் சிறிய கையெழுத்தும் படிக்கப் போதாது. இணைக்கும் குறியைத் தொட்டு, படம் என்பதற்குப் பதிலாக Document என்பதைத் தேர்ந்து, அதன் வழியாகப் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அப்படிப் போகும் கோப்பு சுருங்காது. 2 ஜிபி வரை அனுப்பலாம்.

சில படங்களை அரட்டையிலிருந்து யாராலும் மறுபடி தர முடியாது. ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பியவை, அனைவருக்கும் நீக்கிய செய்திகள், மறையும் செய்திகளை இயக்கிய அரட்டையில் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று வைத்த கெடு கடந்தவை. இவற்றில் கடைசி வகையில் மட்டும் ஒரு வாய்ப்பு உண்டு. தானாகக் கேலரியில் சேமிக்கும் அமைப்பு இருந்தால், செய்தி மறைந்தாலும் கேலரிப் பிரதி நிற்கும்.

ஒரு தாய்ப்பத்திரம், பதினொரு பக்கம்

மேலே சித்தப்பாவுக்கு எழுதிய செய்தியின் பின்னணியை எடுத்துக்கொண்டு முழுதாகப் போய்ப் பார்ப்போம். சென்னையில் இருக்கும் ஒருவர் ஊரில் உள்ள மனையின் மேல் வங்கிக் கடன் கேட்கிறார். வங்கியில் தாய்ப்பத்திரம் கேட்கிறார்கள். கும்பகோணத்தில் இருக்கும் சித்தப்பா 2024 மார்ச் 12 அன்று அதன் 11 பக்கங்களையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். இடையில் செப்டம்பரில் இவர் போன் மாற்றிவிட்டார். இப்போது அரட்டையில் 7 பக்கம் தெளிவு, 4 பக்கம் மங்கல்.

முதலில் தோன்றும் சந்தேகம், போன் மாற்றியபோது நான்கு போய்விட்டதோ என்பது. அதைச் சோதிக்கப் பழைய போனை எடுத்து `IMG-20240312` என்று தேடுகிறார். ஏழு கோப்புகள்தான் வருகின்றன, WA0004 முதல் WA0010 வரை இடைவெளி இல்லாமல். ஆக பழைய போனிலும் ஏழுதான் இருந்தது. நான்கு பக்கம் மார்ச்சிலேயே இறங்கவில்லை. அன்று அவர் பயணத்தில் இருந்தார், தானாக இறங்குவதை நிறுத்தி வைத்திருந்தார், கண்ணில் பட்டவற்றை மட்டும் தொட்டுத் திறந்தார். முதல் வகைச் சிக்கல் இது. கூகுள் டிரைவ் பேக்கப்பைப் புரட்டுவதால் ஒரு பயனும் இல்லை என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது, அதில் ஒரு மாலைப் பொழுதை வீணாக்காமல் தப்பிக்கிறார்.

வரிசை எண்ணை வைத்துப் பக்கத்தைக் கணக்கிடக் கூடாது என்பதையும் இங்கே கவனிக்கலாம். WA0005 என்றால் இரண்டாம் பக்கம் என்று ஆகாது. ஒவ்வொரு போனும் தன் போக்கில் எண் போடுகிறது, அதனால் சித்தப்பா போனில் அதே பக்கத்துக்கு வேறு எண் இருக்கும். எந்தப் பக்கம் குறைகிறது என்பதை ஏழு படங்களையும் திறந்து, பத்திரத்தின் ஓரத்தில் உள்ள பக்க எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அப்படித்தான் 2, 5, 6, 9 என்று கிடைத்தது.

சித்தப்பா மேற்கோளைத் தொட்டுப் பார்க்கிறார். அவருக்கு எல்லாப் பக்கமும் தெரிகிறது. ஆனால் கேமராவில் இருந்த அசலை இடம் போதாமல் எப்போதோ அழித்துவிட்டார். மிச்சம் இருப்பது வாட்ஸ்அப் சுருக்கிய பிரதி மட்டும். அதையே ஃபார்வர்டு செய்கிறார், வந்துவிடுகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்பதாம் பக்கத்தில் சார்பதிவாளர் முத்திரைக்கு அடியில் உள்ள ஆவண எண் சிதைந்திருக்கிறது. வங்கியில் இதை ஏற்க மாட்டார்கள்.

எனவே நான்கு பக்கத்தை மட்டும் ஒட்டுப் போடுவதைவிட, பத்திரம் சித்தப்பா வீட்டு பீரோவில்தானே இருக்கிறது, பதினொன்றையும் புதிதாக எடுத்துவிடுவது என்று முடிவாகிறது. கூகுள் டிரைவ் செயலியில் உள்ள ஸ்கேன் வசதியைத் திறந்து, ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் பத்திரத்தைப் பரப்பி, போனின் நிழல் தாளில் விழாமல் ஒவ்வொரு பக்கமாக எடுத்தால் எல்லாம் ஒரே பி.டி.எஃப் ஆகிவிடும். பத்திரத்தின் பின்பக்கங்களையும் எடுக்கச் சொல்ல வேண்டும், பழைய பத்திரங்களில் பதிவு விவரங்கள் பின்பக்கத்தில் இருக்கும். அந்த பி.டி.எஃப்-ஐ Document ஆக அனுப்புகிறார்.

வந்த கையோடு இவர் செய்ய வேண்டியது: தொட்டுத் திறப்பது, கடைசிப் பக்கம் வரை தள்ளிப் பார்ப்பது, பிறகு பகிரும் குறியைத் தொட்டு வாட்ஸ்அப்புக்கு வெளியே, டிரைவிலோ கணினியிலோ, தேடினால் கிடைக்கும் பெயரில் சேமிப்பது. `தாய்ப்பத்திரம்-முழுதும்-11பக்கம்.pdf` என்பது போல. சேமித்ததை அங்கிருந்து ஒரு முறை திறந்து பார்த்த பிறகுதான் சித்தப்பாவிடம் கிடைத்துவிட்டது என்று சொல்ல வேண்டும். அவர் அதுவரை தன் பிரதியை அழிக்காமல் வைத்திருப்பார்.

மறுபடியும் போகாமல் இருக்க

இறங்கிய படங்கள் போனிலிருந்து அழிவது பெரும்பாலும் நம் கையால்தான். இடம் நிறைந்துவிட்டது என்று போன் சொல்லும்போது வாட்ஸ்அப்பின் Manage storage பகுதியில் பெரிய கோப்புகளை மொத்தமாகத் தேர்ந்து அழிக்கிறோம். அரட்டையைத் துடைக்கும்போது, ஊடகத்தையும் நீக்கு என்ற கட்டத்தில் டிக் இருப்பதைக் கவனிப்பதில்லை. போனைச் சுத்தம் செய்யும் செயலிகள் Sent கோப்புறையைத் தேவையற்ற பிரதி என்று காட்டி அழிக்கச் சொல்கின்றன. நீங்கள் அனுப்பிய படம் மற்றவருக்குத் தொலைந்தால் அவருக்கு மிஞ்சும் ஒரே பிரதி அதுவாக இருக்கலாம்.

கூகுள் பேக்கப் பற்றியும் ஒன்று. முன்பு ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் இடத்தில் கணக்கில் வராது. 2024 முதல் அதுவும் இலவச 15 ஜிபிக்குள் சேர்கிறது. ஜிமெயிலும் படங்களும் ஏற்கெனவே நிறைத்திருந்தால் பேக்கப் சத்தமில்லாமல் நின்றுபோகும். Chat backup பக்கத்தில் கடைசித் தேதி மாதக்கணக்கில் பின்தங்கியிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். போன் மாற்றும் நாளில் இதைப் பார்த்தால் தாமதம். அந்த நாளில் இரண்டு போனும் கையில் இருந்தால், பேக்கப்பை நம்பாமல் Settings > Chats > Transfer chats வழியாக க்யூஆர் கோடு காட்டி நேரடியாக மாற்றுங்கள், ஊடகமும் சேர்ந்தே வரும். அதன் பிறகும் பழைய போனை ஒரு மாதமாவது அழிக்காமல் வையுங்கள்.

"மறுபடி அனுப்பு" என்ற கேட்பை மோசடிக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள் என்பதால் ஒரு வார்த்தை. உறவினர் எண்ணிலிருந்து ஆதார் படத்தை மறுபடி கேட்டு வந்தால் அனுப்புவதற்கு முன் ஒரு முறை அழைத்துப் பேசுங்கள், அவர் கணக்கு வேறு யார் கையிலும் இருக்கலாம். நீங்கள் கேட்ட கோப்பு என்று சொல்லி வருவதன் பெயர் `.apk` என்று முடிந்தால் தொடவே வேண்டாம். பத்திரமோ படமோ ஒருபோதும் அந்த வடிவத்தில் வராது.

யாரிடமும் இல்லை என்றால்

அனுப்பியவர் எண்ணை மாற்றிவிட்டார், அல்லது இறந்துவிட்டார், அல்லது அவர் போனும் தொலைந்துவிட்டது. அப்போது படத்தைத் துரத்துவதை விட்டு, அந்தப் படம் எந்த ஆவணத்தின் படமோ அதை வழங்கிய இடத்துக்குப் போவதே வழி. தமிழ்நாட்டில் பல ஆவணங்களுக்கு இது நினைப்பதைவிட எளிது. பட்டா, சிட்டாவை eservices.tn.gov.in தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்து எடுக்கலாம். வில்லங்கத்தை tnreginet.gov.in தளத்தில் பார்க்கலாம். ஓட்டுநர் உரிமம் போன்றவை டிஜிலாக்கரில் இருக்கும்.

பதிவு செய்த பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்கும் அதே பதிவுத்துறைத் தளத்தில் விண்ணப்பிக்கலாம், சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரிலும் மனு கொடுக்கலாம். அதற்கு ஆவண எண், பதிவான ஆண்டு, எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்ற மூன்றும் வேண்டும். இவை தெரியாவிட்டால், அரட்டையில் தெளிவாக மிஞ்சியிருக்கும் பக்கங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பதிவு முத்திரை பல பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும், ஒன்றில் சிதைந்த எண் இன்னொன்றில் படிக்கக் கிடைக்கலாம். அதுவும் இல்லையென்றால், புல எண்ணை வைத்து வில்லங்கம் எடுத்தால் அந்த மனை கைமாறிய பதிவுகள் ஆவண எண்ணோடும் ஆண்டோடும் வரிசையாக வரும், உங்கள் பத்திரத்தை அதில் அடையாளம் கண்டு நகலுக்கு எழுதலாம்.